துண்டில் இருக்கிற இலத்தீன் யாருக்கு எழுதப்பட்டது?

எங்கட வீடுகளில் மருந்துத் துண்டை யாருமே வாசிப்பதில்லை. டொக்டர் எழுதித் தருவார், நாங்கள் அதைப் பாமசியில் நீட்டுவோம், அவர்கள் குளிசையைப் பைக்குள் போட்டுத் தருவார்கள், துண்டு மேசை லாச்சிக்குள் போய்விடும். எழுத்து விளங்காததால்தான் வாசிப்பதில்லை என்று நினைக்கிறோம். ஆனால் தெளிவான கையெழுத்தில் எழுதித் தந்தாலும் விளங்காது. ஏனென்றால் அதில் பாதி இலத்தீன். அதுவும் முழு இலத்தீன் இல்லை, முதல் எழுத்துகள் மட்டும்: bd, tds, ac, prn.

இந்தக் கட்டுரைக்காக நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து வீடுகளில் கிடந்த பழைய துண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக அவிழ்த்துப் பார்த்தோம். அப்போது எழுந்த கேள்வி ஒன்றுதான். இந்த மொழி ஒரு நோயாளியிடம் இருந்து எதையாவது மறைக்க உருவானதா, அல்லது அது நோயாளிக்கு எழுதப்பட்டதே இல்லையா?

துண்டின் நான்கு பாகங்கள்

துண்டின் தொடக்கத்தில் Rx என்று ஒரு குறி இருக்கும். R இன் காலைக் குறுக்காக வெட்டிய ஒரு கோடு, அவ்வளவுதான். இது ‘ரெசிப்பே’ என்ற இலத்தீன் சொல்லின் சுருக்கம். ‘எடு’ என்பது பொருள். சமையலில் நாங்கள் சொல்கிற ‘ரெசிப்பி’யும் இதே சொல்தான்.

‘எடு’ என்றால் நோயாளி மருந்தை எடுக்கச் சொல்கிறார்கள் என்று நினைப்போம். அது இல்லை. மருந்தைக் கலக்கிறவருக்குச் சொல்லப்படுகிற கட்டளை அது. அந்தக் காலத்தில் குளிசைகள் பெட்டியில் அடைத்து வரவில்லை. டொக்டர் எழுதுவார், ‘அப்போதிக்கரி’ என்று அழைக்கப்பட்ட மருந்துக் கலவைக்காரர் வேரையும் பட்டையையும் உப்பையும் நிறுத்து, இடித்து, கலந்து மருந்தாக்குவார். இலங்கையிலும் ஆங்கிலேயர் காலத்தில் இருந்து அப்போதிக்கரி என்ற பதவி இருந்தது. எங்கட பாட்டன் பாட்டிமார் இந்தச் சொல்லைச் சொல்வார்கள்.

அந்த நாளைய முழுமையான துண்டு ஒன்றுக்கு நான்கு பாகங்கள் உண்டு. முதலாவது ‘எடு’ என்ற கட்டளை. இரண்டாவது என்னென்ன சரக்கு, எவ்வளவு என்ற பட்டியல். மூன்றாவது அவற்றை என்ன செய்ய வேண்டும் என்பது: கல, வடி, இத்தனை உருண்டையாக உருட்டு. நான்காவது பாகம் ‘சிக்னா’ என்ற சொல்லோடு தொடங்கும். ‘எழுதி ஒட்டு’ என்பது அதன் கருத்து. எதை எழுதி ஒட்டுவது? நோயாளி அந்த மருந்தை எப்படி எடுக்க வேண்டும் என்பதை. எங்கே ஒட்டுவது? போத்தலில்.

இங்கேதான் எங்களுக்கு விசயம் பிடிபட்டது. bd, tds, prn எல்லாம் இந்த நான்காவது பாகத்தைச் சேர்ந்தவை. டொக்டர் கலவைக்காரருக்குச் சுருக்கமாக இலத்தீனில் சொல்வார். கலவைக்காரர் அதை விரித்து, நோயாளிக்கு விளங்குகிற மொழியில் போத்தலில் எழுதுவார். அதாவது இந்த முறைக்குள்ளேயே ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். இலத்தீன் துண்டோடு நின்றுவிட வேண்டும், போத்தலுக்குப் போகக்கூடாது.

இலத்தீன் ஏன் என்பதற்கும் நியாயமான காரணங்கள் இருந்தன. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் இலத்தீனில் கற்பிக்கப்பட்டது. இத்தாலியில் படித்தவர் எழுதியதை லண்டனில் இருப்பவரால் வாசிக்க முடிந்தது. தெருவில் யாரும் பேசாத மொழி என்பதால் சொற்களின் பொருள் ஊருக்கு ஊர், தலைமுறைக்குத் தலைமுறை மாறவும் இல்லை.

ஒரு துண்டை அவிழ்ப்போம்

நாங்கள் பார்த்த துண்டுகளில் இருந்து பொதுவானவற்றைச் சேர்த்து ஒரு மாதிரித் துண்டு செய்திருக்கிறோம். இது எந்த ஒருவருடையதும் இல்லை. ஆனால் இலங்கையில் எந்தக் கிளினிக்கிலும் இப்படி ஒன்றைப் பார்க்கலாம்.

```
Rx
Amoxicillin 500 mg   tds     5/7
Omeprazole 20 mg     mane ac 2/52
Metformin 500 mg     bd pc   1/12
Paracetamol 1 g      prn
```

முதல் வரி அமொக்சிசிலின், கிருமிகளுக்கு எதிரான மருந்து. tds என்பது ‘டெர் டியே சூமெண்டும்’: நாளுக்கு மூன்று தடவை எடுக்கப்பட வேண்டியது. ‘டெர்’ என்றால் மூன்று முறை, ‘டியே’ என்றால் நாளில். நாட்குறிப்புக்குச் சொல்கிற ‘டயறி’யும் அந்த ‘நாள்’ என்ற சொல்லில் இருந்து வந்ததுதான்.

மூன்றாவது வரியில் bd. இது ‘பிஸ் டியே’, நாளுக்கு இரண்டு தடவை. ‘பிஸ்’ என்பதை மறக்க மாட்டீர்கள், ஏனென்றால் பிஸ்கட்டில் அது இருக்கிறது: இரண்டு தடவை சுட்டது என்பதே பிஸ்கட்டின் மூலப்பொருள். அமெரிக்கப் புத்தகங்களிலும் இணையத்திலும் இதையே bid என்று போடுவார்கள். நடுவில் இருக்கும் i, ‘உள்ளே’ என்று பொருள்படும் ‘இன்’. பிஸ் இன் டியே. அதேபோல எங்கட tds அங்கே tid, எங்கட qds அங்கே qid. qds என்றால் நான்கு தடவை. நாங்கள் பிரித்தானியர் விட்டுச்சென்ற எழுத்துமுறையைப் பின்பற்றுகிறோம், அதனால் bd, tds. மருந்து ஒன்றுதான், எழுத்துக்குத்தான் இரண்டு ஊர்.

ac என்பது ‘அன்டே சீபும்’, சாப்பாட்டுக்கு முன். pc என்பது ‘போஸ்ட் சீபும்’, சாப்பாட்டுக்குப் பின். இது புதிசாகத் தெரியலாம், ஆனால் உங்கட போனில் தினமும் பார்க்கிற a.m., p.m. இரண்டிலும் இருப்பது இதே அன்டேயும் போஸ்டும்தான்: நண்பகலுக்கு முன், நண்பகலுக்குப் பின். mane என்றால் காலையில். இதற்குச் சோடியான nocte என்றால் இரவில்.

கடைசியில் இருக்கும் 5/7, 2/52, 1/12 இலத்தீன் இல்லை, கணக்கு. கிழமைக்கு 7 நாள், அதில் 5 என்றால் ஐந்து நாளைக்கு. வருசத்துக்கு 52 கிழமை, அதில் 2 என்றால் இரண்டு கிழமைக்கு. வருசத்துக்கு 12 மாதம், அதில் 1 என்றால் ஒரு மாதத்துக்கு.

இதை அவிழ்க்கத் தெரிந்தால் உடனே ஒரு பயன் இருக்கிறது. குளிசையை எண்ணிச் சரிபார்க்கலாம். அமொக்சிசிலின் நாளுக்கு 3, ஐந்து நாளைக்கு 15. ஒமிப்பிரசோல் காலையில் 1, இரண்டு கிழமைக்கு 14. பையில் இருப்பது 15க்குப் பதிலாக 10 என்றால், ஒன்றில் தடவையை இரண்டு என்று வாசித்திருக்கிறார்கள், அல்லது இருப்பில் இல்லாமல் குறைத்துத் தந்திருக்கிறார்கள், அல்லது 250 மில்லிகிராமுக்கும் 500 மில்லிகிராமுக்கும் இடையில் ஏதோ மாறியிருக்கிறது. எது என்று நாங்கள் தீர்மானிக்கத் தேவையில்லை. கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

ஆனால் இலத்தீன் சொல்லாமல் விடுகிற ஒன்றும் இருக்கிறது. ‘நாளுக்கு மூன்று தடவை’ என்றுதான் tds சொல்கிறது, எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை. பாமசியில் அதை ‘மூன்று நேரம்’ என்பார்கள். எங்கட வீட்டில் மூன்று நேரம் என்றால் மூன்று சாப்பாடு. காலையில் பத்து மணிக்குச் சாப்பிட்டு, மதியம் இரண்டு மணிக்குச் சாப்பிட்டு, இரவு எட்டு மணிக்குச் சாப்பிடுகிறவருக்கு இரவு எட்டுக்கும் காலை பத்துக்கும் இடையில் பதினான்கு மணித்தியாலம் இடைவெளி விழும். அமொக்சிசிலின் போன்ற மருந்து சில மணித்தியாலங்களில் உடம்பை விட்டுப் போய்விடும், அதனால் மூன்று தடவையையும் நாள் முழுவதும் முடிந்தளவு சமமாகப் பரப்ப வேண்டும், ஏறத்தாழ எட்டு மணித்தியாலத்துக்கு ஒன்று. காலைச் சாப்பாட்டை விடுகிற கம்பஸ் பிள்ளைகள் அதோடு சேர்த்துக் குளிசையையும் விடுவதற்குக் காரணமும் இந்த மொழிபெயர்ப்புத்தான். அமொக்சிசிலினுக்குச் சாப்பாடு ஒரு நிபந்தனையே இல்லை.

மெற்போமினுக்கு நிலைமை நேர்மாறு. அங்கே pc முக்கியம், ஏனென்றால் வெறும் வயிற்றில் போட்டால் குமட்டலும் வயிற்றோட்டமும் வரலாம். இந்த இரண்டு எழுத்து யாருக்கும் விளங்காமல் போனால் என்ன நடக்கும்? சீனி வருத்தக்காரர் ஒருவர் வெறும் தேத்தண்ணியோடு குளிசையைப் போடுவார், வயிற்றைப் பிரட்டும், ‘இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளேல்ல’ என்று தானாகவே நிற்பாட்டிவிடுவார். அடுத்த கிளினிக்கில் சீனி கூடியிருக்கும். மருந்தின் பிழை இல்லை, இரண்டு எழுத்தை யாரும் விரித்துச் சொல்லவில்லை.

prn: பிறந்த விசயத்துக்காக

மாதிரித் துண்டின் கடைசி வரிக்குத் தனியாக இடம் தேவை. prn என்பது ‘ப்ரோ ரே நாட்டா’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘பிறந்திருக்கிற விசயத்துக்காக’. கர்ப்பிணிகளுக்கான ‘அன்டிநேட்டல்’ கிளினிக்கில் இருப்பதும் இதே பிறப்புத்தான்: பிறப்புக்கு முன். விசயம் பிறந்தால், அதாவது நோ வந்தால், காய்ச்சல் வந்தால், அப்போது எடு என்பது prn. எங்கட பக்கத்தில் இதற்கு sos என்றும் எழுதுவார்கள். அது ‘சி ஓபுஸ் சிட்’, தேவையிருந்தால். கப்பல் மூழ்கும்போது அனுப்புகிற சைகைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மற்றச் சுருக்கங்கள் நோயாளிக்குக் கட்டளை இடுகின்றன. prn மட்டும் முடிவை நோயாளியின் கையில் கொடுக்கிறது. அதனால் விளக்கம் அதிகமாகத் தேவைப்படுவதும் இதற்குத்தான். எழுத்தோ மூன்றே மூன்று.

எங்கட மாதிரித் துண்டில் பரசிற்றமோல் 1 கிராம், prn. ஒரு குளிசை 500 மில்லிகிராம் என்பதால் ஒரு தடவைக்கு இரண்டு. சாதாரண எடையுள்ள பெரியவர் ஒருவர் 24 மணித்தியாலத்துக்குள் 4 கிராமுக்கு மேல் எடுக்கக்கூடாது, அதாவது எட்டுக் குளிசை. இரண்டு தடவைகளுக்கு இடையில் குறைந்தது நான்கு மணித்தியாலம் விட வேண்டும். மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் இந்த எல்லை இன்னும் குறைவு. இவ்வளவும் அந்த மூன்று எழுத்துக்குள் இல்லை. ‘தேவையெண்டா போடுங்கோ’ என்று மட்டும் பாமசியில் சொன்னால், அதிலும் இல்லை.

இப்போது டெங்குக் காலத்தில் காய்ச்சலோடு இருக்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். காய்ச்சல் விடுகுதில்லை. காலை 6 மணிக்கு இரண்டு, 10 மணிக்கு இரண்டு, பின்னேரம் 3 மணிக்கு இரண்டு, இரவு 9 மணிக்கு இரண்டு. எட்டுக் குளிசை, 4 கிராம், எல்லையைத் தொட்டாயிற்று. அதோடு தடிமனுக்கென்று கடையில் வாங்கின குளிசை மூன்று போட்டிருக்கிறார். தடிமன் குளிசைகள் பலவற்றுக்குள்ளும் பரசிற்றமோல் இருக்கும், அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில். அது ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் என்றால் இன்னும் 1.5 கிராம். மொத்தம் 5.5 கிராம். அவர் எந்தப் பிழையும் செய்ததாக நினைக்கவில்லை, தேவைப்பட்டபோதுதான் எடுத்தார்.

இதில் பயங்கரமான விசயம், உடம்பு உடனே சொல்லாது. பரசிற்றமோல் கூடினால் தாக்கப்படுவது ஈரல். ஆனால் முதல் நாளில் கொஞ்சம் குமட்டல் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆகவே உணர்ந்து கண்டுபிடிக்க முடியாது, எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எண்ணிப் பார்த்து எல்லையைத் தாண்டிவிட்டது என்று தெரிந்தால், சுகமாக இருப்பது போலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஈரலைக் காக்கிற மருந்து இருக்கிறது, அது நேரத்தோடு கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

எனவே prn என்று கண்டால் நான்கு விடயம் கேட்க வேண்டும். எதற்காக? ஒரு தடவைக்கு எத்தனை? அடுத்ததற்கு எவ்வளவு நேரம் விட வேண்டும்? ஒரு நாளைக்கு ஆகக்கூடியது எத்தனை? நான்குக்கும் பதில் கிடைத்தால்தான் prn மொழிபெயர்க்கப்பட்டது என்று பொருள்.

கல்பெப்பர் செய்த ‘குற்றம்’

மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இடையில் இருந்தார் என்று மேலே சொன்னோம். ஆனால் அந்த இடத்தை வைத்து அதிகாரமும் நடந்தது. லண்டனில் 1518இல் தொடங்கப்பட்ட மருத்துவர் கல்லூரி ஒன்று, நகரில் யார் வைத்தியம் செய்யலாம் என்பதைத் தன் கையில் வைத்திருந்தது. 1618இல் அந்தக் கல்லூரி, அப்போதிக்கரிகள் எந்த மருந்தை எப்படிச் செய்ய வேண்டும் என்று ஒரு மருந்து நூலை வெளியிட்டது. முழுவதும் இலத்தீன்.

நிக்கலஸ் கல்பெப்பர் என்பவர் கேம்பிரிட்ஜில் கொஞ்சக் காலம் இருந்து, பிறகு ஓர் அப்போதிக்கரியிடம் வேலை பழகியவர். லண்டனின் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதியில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். உள்நாட்டுப் போரில் மன்னருக்கு எதிராகப் பாராளுமன்றத்தின் பக்கம் நின்று காயப்பட்டவர். அந்தப் போர்க் குழப்பத்தில் அச்சகங்கள் மீதிருந்த பழைய பிடி தளர்ந்தது. 1649இல், மன்னரின் தலை வெட்டப்பட்ட அதே வருசம், கல்பெப்பர் கல்லூரியின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார்.

பெயர்த்ததோடு அவர் நிற்கவில்லை. மூல நூலில் செய்முறைகள்தான் இருந்தன. இந்த மருந்து எந்த வருத்தத்துக்கு என்பதையும் கல்பெப்பர் சேர்த்து எழுதினார். செய்முறை அப்போதிக்கரிக்கு, பயன் நோயாளிக்கு. கல்லூரிக்குக் கோபம் வந்ததற்கு இது போதும். அவரோ, வேதத்தை மக்கள் மொழியில் தர மறுத்த குருமாரோடு இந்த மருத்துவர்களை ஒப்பிட்டு எழுதினார்.

கல்பெப்பரை நாங்கள் வீரராக மட்டும் எழுதிவிட முடியாது. மூலிகைகளைக் கிரகங்களோடு இணைத்துச் சோதிட அடிப்படையில் வைத்தியம் சொன்னவர் அவர். அவர் எழுதிய பல மருந்துகள் வேலை செய்யாதவை. கல்லூரியின் மருந்துகளும் பல அப்படித்தான். மக்கள் மொழியில் எழுதினால் மருந்து சரியாகிவிடாது. ஆனால் எதைக் குடிக்கிறோம், எதற்குக் குடிக்கிறோம் என்று கேட்கிற ஆள் உருவாகிறார். அவர் 1654இல், முப்பத்தேழு வயதில் இறந்தார். பிரித்தானியாவின் முழு நாட்டுக்குமான மருந்து நூல் 1864இல் வந்தபோது அது ஆங்கிலத்தில் இருந்தது. இலத்தீன் நூலை விட்டுப் போனது. துண்டை மட்டும் விடவில்லை.

மானிப்பாயில் ஒரு முயற்சி

அந்த 1864ஐ அண்டிய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வேறொரு கேள்வி கேட்கப்பட்டது. மருத்துவத்தை ஆங்கிலத்தில் படித்த ஒருவர் நோயாளிக்குத் தமிழில் பெயர்த்துச் சொல்வதற்குப் பதிலாக, மருத்துவத்தையே தமிழில் படித்தால் என்ன?

கேட்டவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்க மிசன் வைத்தியர், 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். முதலில் அவரும் ஆங்கிலத்தில்தான் மாணவர்களுக்குப் படிப்பித்தார். ஊருக்குப் போய், 1862இல் திரும்பி வந்த பிறகு படிப்பைத் தமிழுக்கு மாற்றினார். அதற்குப் புத்தகம் வேண்டும், புத்தகத்துக்குச் சொல் வேண்டும். அவரும் மாணவர்களும் சேர்ந்து சொற்களை உருவாக்கினார்கள். சத்திர வைத்திய நூல் ஒன்று ‘இரண வைத்தியம்’ ஆக 1867இல் வந்தது. உடற்கூற்றியல் நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆக 1872இல் வந்தது. அவர் 1873இல் நாடு திரும்பிய பிறகு தமிழ்வழி மருத்துவப் படிப்பு நீடிக்கவில்லை. கொழும்பில் 1870இல் தொடங்கிய அரச மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது, பதவிகளும் அந்த மொழியோடுதான் போயின.

இதை இங்கே சொல்வது பழம்பெருமைக்காக இல்லை. கிறீனின் மாணவருக்கு நோயாளியோடு பேசும் மொழியும் படித்த மொழியும் ஒன்று. இன்றைய சங்கிலியில் எத்தனை மொழி என்று எண்ணிப் பாருங்கள். டொக்டர் படித்தது ஆங்கிலம், எழுதுவது இலத்தீன் சுருக்கம், குளிசைப் பையில் எழுதப்படுவது பல இடங்களில் சிங்களம் அல்லது ஆங்கிலம், வீட்டில் அம்மம்மா கேட்பது தமிழ். 1987இல் இருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அது அந்தச் சின்னக் கடதாசிப் பை வரைக்கும் போய்ச் சேர்ந்ததா என்பதை அவரவர் வீட்டு லாச்சியைத் திறந்தால் தெரியும்.

ஒரே எழுத்து, இரண்டு பொருள்

சுருக்கங்கள் மொழி தெரியாதவருக்கு மட்டும் பிரச்சினை என்றால் படித்தவர்கள் இவற்றில் தடுமாறக்கூடாது. ஆனால் தடுமாறுகிறார்கள்.

od என்பதை எடுங்கள். பிரித்தானிய வழக்கிலும் எங்கட வழக்கிலும் அது ‘ஓம்னி டியே’, தினமும் ஒரு தடவை. அமெரிக்காவில் அதே இரண்டு எழுத்து ‘ஒக்குலுஸ் டெக்ஸ்டர்’, வலது கண். தினமும் ஒரு தடவை குடிக்க வேண்டிய பாணி மருந்தைக் கண்ணில் விட்ட தவறுகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. தினமும் ஒரு தடவை என்பதற்கு அமெரிக்கர்கள் எழுதியது qd. அதன் நடுவில் வைக்கிற புள்ளி கொஞ்சம் நீண்டுவிட்டால் qid, நான்கு தடவை. ஒன்று நான்காகிறது. இதனால் அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று வழங்கும் கூட்டு ஆணைக்குழு 2004இல் எழுதக்கூடாத சுருக்கங்களின் பட்டியலில் qdஐச் சேர்த்தது. அதற்குப் பதில் ‘தினமும்’ என்று முழுச் சொல்லாக எழுத வேண்டும். பிரித்தானியாவின் தேசிய மருந்துக் கையேடும், அறிவுறுத்தலைச் சுருக்கமில்லாமல் ஆங்கிலத்தில் எழுதுவதே நல்லது என்கிறது. இலத்தீனைத் தந்தவர்களே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுக்கிறார்கள்.

கையெழுத்தில் எங்களுக்கும் இதே ஆபத்து உண்டு. b இன் தண்டு சரியாக ஏறாவிட்டால் bd பார்வைக்கு od ஆகிவிடும். காலையும் இரவும் எடுக்க வேண்டியவர் காலையில் மட்டும் எடுப்பார். இதைக் கண்டுபிடிக்கிற வழி மேலே சொன்ன எண்ணிக்கைதான்: ஒரு மாதத்துக்கு 60 குளிசை தந்து, பையில் ‘தினமும் ஒன்று’ என்று இருந்தால் இரண்டில் ஒன்று பிழை.

காலையில் நூற்றுக்கணக்கானோரைப் பார்க்கிற டொக்டர் ஒவ்வொருவருக்கும் முழு வசனம் எழுத நேரமில்லை என்பது எங்களுக்கும் விளங்குகிறது. துண்டில் அவர் bd என்று எழுதட்டும். துண்டு மருந்தாளருக்குரியது, தொடக்கத்தில் இருந்தே அப்படித்தான். பை நோயாளிக்குரியது. அந்தப் பையில் ‘சிக்னா’ நிறைவேற வேண்டும்.

அதுவரைக்கும் செய்யக்கூடியது, பாமசி மேடையை விட்டு நகர முதல் ஒரு பேனையை எடுப்பது. ஒவ்வொரு பையிலும் தமிழில் நாங்களே எழுதலாம். எங்கட மாதிரித் துண்டுக்கு அது இப்படி இருக்கும். அமொக்சிசிலின்: காலை 6, பகல் 2, இரவு 10, ஐந்து நாளைக்கு, சுகம் வந்தாலும் முடிக்கவும். ஒமிப்பிரசோல்: காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலத்துக்கு முன், இரண்டு கிழமைக்கு. மெற்போமின்: காலையும் இரவும் சாப்பிட்ட உடனே. பரசிற்றமோல்: நோ அல்லது காய்ச்சல் இருந்தால் மட்டும் இரண்டு, நான்கு மணித்தியாலத்துக்குள் திரும்பப் போடக்கூடாது, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. எழுதியதை மருந்தாளரிடம் ஒருக்கா வாசித்துக் காட்டி, ‘சரியோ?’ என்று கேட்டுவிட்டு வாருங்கள்.